பத்து வாழ்த்தும் ஒரு குறிப்பும்

பட்டன் அக்காவுக்குப் பட்டன் தைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. இருபத்திரண்டு வருடமாகத் தையல் சாமான் கடை நடத்துகிறாள். சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் உள்ளே இருக்கும் பட்டன் ஒன்று ஒட்டியிருக்கும். ஆனால் அவள் வீட்டுக்காரர் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும். கேட்டால், "வைத்தியர் வீட்டுல இருமல் இருக்கக்கூடாதா?" என்பாள்.

தைக்கத்தான் தெரியாதே தவிர, பார்க்கத் தெரியும். யார் எதிரே வந்தாலும் அவள் கண் முதலில் போவது சட்டை முன்பக்கத்துக்கு. முகம் அப்புறம்தான். ஒரு துக்க வீட்டுக்கு நானும் அவளும் போயிருந்தோம். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இவள் என் காதில், "அந்த மூத்த மகன் போட்டிருக்கறான் பாரு, அது கோட்டு பட்டன். சட்டையில தச்சு வச்சிருக்கான் எவனோ," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து, அழுவதுபோல முந்தானையால் மூடிக்கொண்டேன்.

நான் பக்கத்துக் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன். அதனால் என் பெயரே ஜெராக்ஸ் ஆகிவிட்டது. அக்கா கடையில் இருக்கும் ஒரே பிளக்கில் ஃபேன் ஓடுகிறது என்பதால் அவள் போன் எட்டு வருடமாக என் கடையில்தான் சார்ஜ் ஏறுகிறது. அவள் கதை எனக்குத் தெரிந்ததற்கு முதல் காரணம் அதுதான். இரண்டாவது காரணம், எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது சுவர் அல்ல, பலகை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்கா கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதைத் தொடங்கியது அவள், படம் எடுப்பது அவள், எழுதுவது அவள், பதில் சொல்வது அவள், பிறகு வருத்தப்படுவதும் அவளேதான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் மனைவி போட்ட எல்லாவற்றுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிடுவார். கடையின் வயதான கணக்குப்பிள்ளை இறந்த செய்திக்கும் கட்டைவிரல்தான் போட்டார்.

பண்டிகை வாழ்த்து என்பது அந்தப் பக்கத்தின் தீராத வியாதி. அக்கா எதையும் நேரத்துக்குப் போட்டதில்லை. பண்டிகை நெருங்க நெருங்கக் கடையில் கூட்டம். பட்டனை எண்ணிக் கொடுப்பாளா, படம் எடுப்பாளா? எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது பண்டிகையும் முடிந்திருக்கும். எதிரே இன்னொரு தையல் சாமான் கடை உண்டு. அந்த எதிர்க்கடைக்காரன் அப்படியல்ல. தினமும் ஒன்று போடுவான். ரோஜாப்பூ, புறா, மினுங்கும் தங்க எழுத்து. மூலையில் வேறு ஏதோ மருந்துக்கடையின் முத்திரை இருக்கும். அதைக்கூட வெட்டாமல் போடுவான். ஆனால் நேரத்துக்குப் போடுவான், அதுதான் கொடுமை.

போன வருடம் பெரிய பண்டிகைக்கு இரண்டு நாள் கழித்து அக்கா ஒரு வாழ்த்து போட்டாள். "பண்டிகைக்குத் தேவையான பட்டன்களுக்கு இன்றே வாருங்கள்" என்று கீழே ஒரு வரி வேறு. அதற்குக் கத்தரி மாஸ்டர் ஒரு பதில் எழுதினார்: "பண்டிகை முடிஞ்சு பாத்திரம் கழுவியாச்சு. உங்களுக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?" நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள்.

கத்தரி மாஸ்டர் யார் என்று சொல்லவேண்டும். எங்கள் தெருவைச் சுற்றி நாலு தெருவில் இருக்கும் தையல்காரர்களில் மூத்தவர். கோட்டு தைக்கிறவர். அறுபது வயது, நெட்டுக்குத்தான உடம்பு, காதிடுக்கில் எப்போதும் துணியில் கோடு போடும் ஒரு சுண்ணாம்புக் கட்டி. அவர் எங்கே நூல் வாங்குகிறாரோ அங்கேதான் மற்றவர்களும் வாங்குவார்கள். அவர் தும்மினால் நாலு தெருவுக்கும் சளி பிடிக்கும்.

அந்த நாற்பத்தொரு சிரிப்போடு அக்கா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளால் முடியாது. எல்லாரும் பார்க்க, கீழேயே எழுதினாள்: "சட்டையைச் சொன்ன தேதிக்குக் குடுக்கறவங்க கேட்டா பதில் சொல்லலாம்." இதற்கு எழுபது பேர் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து எதிர்க்கடைக்குப் போனார். வாரம் முடிவதற்குள் நாலு தெருவும் அவர் பின்னால் போய்விட்டது.

வாய் செய்த வேலைக்கு வயிறு பதில் சொல்லவேண்டி வந்தது. இந்த வருடம், எங்கள் கடைகளை வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடக்காரர் வந்து, "பாதிக் கடை சும்மாதானம்மா கெடக்கு. போன் கவர் விக்கற பையன் ஒருத்தன் கேக்கறான். அந்தப் பட்டன் சுவர் பக்கத்த அவனுக்கு விட்டுடு," என்றார். அடுத்த மாதம் முதல் வாரம் முடிவதற்குள் பதில் வேண்டும் என்றும் சொன்னார். அவர் போன பிறகு அக்கா பட்டன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பலகை இடுக்கு வழியாக நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வாயடைத்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் காலை என் கடைக்கு வந்தாள். "ஏழு பத்தி, முப்பது வரிசை. கட்டம் போட்டு ஒரு தாள் அடிச்சுக் குடு," என்றாள்.

"எதுக்குக்கா?"

"அடுத்த மாசம் முழுக்க என்னென்ன நாள், என்னென்ன வாழ்த்து, எல்லாத்தையும் இப்பவே எழுதி வச்சுடப் போறேன். ஒரு மாசம் முன்னாடியே. அப்புறம் அதது அந்தந்த நாள் தானாப் போகட்டும். நான் பட்டன் எண்ணறேன்."

பத்திகளுக்குத் தலைப்பு சொன்னாள்: தேதி, கிழமை, என்ன நாள், படம், வாசகம், நேரம். ஆறுதான் வந்தது. ஏழாவது என்ன என்று யோசித்தாள். நான்தான் விளையாட்டாக, "யார் சரிபார்த்ததுன்னு போடுக்கா. ஆபீஸ்ல எல்லாம் அப்படித்தான்," என்றேன். போட்டாள். பிறகு அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை நிரப்பினாள்: நானே, நானே, நானே. முப்பது நானே.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் தாளில் அவள் வேலை செய்த விதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய பண்டிகை இருபத்தெட்டாம் தேதி. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினாள். கடையில் இல்லாத நிறத்தில் பட்டன் வேண்டுமென்றால் மொத்தக் கடையிலிருந்து வர நாலு நாள், வந்ததைத் தைக்க இரண்டு நாள். அப்படியானால் கடைசியாகச் சொல்லவேண்டிய தேதி இருபத்தொன்று. அன்றைக்கு அதற்கு ஒரு பதிவு. இருபத்தைந்தில் கடை நேரம். இருபத்தேழில் நாளைக்கு விடுமுறை. இருபத்தெட்டில் வெறும் வாழ்த்து மட்டும்.

"அன்னைக்கு ஏதாவது வித்துக்கலாமே?" என்றேன்.

"வீட்டுக்கு வந்து வாழ்த்து சொல்றவன் கையில விலைப்பட்டியலும் கொண்டுவந்தா காப்பி குடுப்பியா?" என்றாள். போன வருடம் பட்டது புத்தியில் ஏறியிருந்தது.

வாசகத்தில் "இன்று", "நாளை" என்று எழுதும் இடமெல்லாம் தேதியையும் சேர்த்து எழுதினாள். ஒருவேளை பதிவை நகர்த்த வேண்டி வந்தால் வார்த்தை காலை வாரிவிடக்கூடாதாம். பதினெட்டாம் தேதிவாக்கில் வரும் இன்னொரு பண்டிகைக்கு முந்தின மாலை பிறை தெரிந்தால்தான் தேதி உறுதி. "இதுக்கு நேரம் குறிக்கக்கூடாது. எழுதி வரைவாச் சேமிச்சு வச்சுட்டு, பிறை தெரிஞ்சுதுன்னு சொன்னப்புறம் நானே கையால போடணும். இல்லன்னா கும்பிடப் போன இடத்துல குட்டு வாங்கிட்டு வரணும்," என்றாள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஏழாம் தேதிதான். அங்கே "தையல்காரர்களுக்கு வாழ்த்து" என்று எழுதியிருந்தாள். பண்டிகைக்கு முழுசாக இருபத்தொரு நாள் முன்னால்.

"என்னக்கா, இவங்களுக்கு மட்டும் அட்வான்ஸ் வாழ்த்தா?"

"பண்டிகையன்னைக்கு டெய்லர் என்ன பண்ணுவான்?"

"புதுத்துணி போடுவான்."

"தூங்குவான்டி. விடிய விடியத் தச்சுட்டு அன்னைக்குப் பூரா தூங்குவான். அன்னைக்கு அவனுக்கு வாழ்த்து சொன்னா யாருக்குக் கேக்கும்? வேலை ஆரம்பிக்கற நாள்ல சொல்லணும். அவங்களுக்குப் பண்டிகை அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "போன வருஷம் நான் ரெண்டு நாள் லேட்டுன்னு நெனச்சேன். இருபத்தி மூணு நாள் லேட்டு," என்றாள்.

அந்த ஒரு வரிக்காகவே அவளுக்கு நான் இலவசமாக இன்னும் இரண்டு தாள் அடித்துக் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை, கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில் ஏற்றினாள். மொத்தம் பதினொன்று. படங்களை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள், எல்லாம் அவள் கடைப் பட்டன்கள், புறா கிடையாது, ரோஜா கிடையாது. ஒவ்வொன்றாகப் படம் போடு, வாசகம் ஒட்டு, தேதி குறி, நேரம் ஆறரை, சரி என்று அழுத்து. தையல்காரர்கள் காலை டீயோடு போன் பார்க்கிற நேரம் ஆறரை. படம், வாசகம், தேதி, ஆறரை, சரி. நெல் குத்துகிற மாதிரி ஒரே தாளத்தில் விரல் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டாம் தேதிக்கு மட்டும் நிறுத்தி, வரைவாகச் சேமித்தாள். அதை என்னிடம் காட்டவும் செய்தாள். முடித்ததும் போனை என் மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"முடிஞ்சுது. இனிமே இந்தச் சனியனத் தேவையில்லாமத் தொட மாட்டேன். இது இங்கயே கெடக்கட்டும். காலையில வந்து எடுத்துக்கறேன், போறப்ப குடுத்துட்டுப் போறேன்."

மூன்றாம் தேதி ஆசிரியர் நாள் வாழ்த்து ஆறரைக்குக் கண்ணியமாகப் போனது. அக்காவின் பழைய பள்ளி ஆசிரியை ஒருவர் நன்றி எழுதி, அதில் இருந்த ஒரு பிழையையும் திருத்திவிட்டுப் போனார். எதிர்க்கடைக்காரன் அன்றைக்குப் புறாதான் போட்டான். அக்காவுக்குக் கால் தரையில் இல்லை.

ஏழாம் தேதி காலை ஒன்பதரைக்கு நான் கடை திறந்தேன். வழியிலேயே ஒரு மாதிரியாக இருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவர் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு, "உங்க அக்கா இன்னைக்கு வருவாங்களா, இல்ல ஊரை விட்டே போயிட்டாங்களா?" என்றார். ஷட்டரைத் தூக்கினால் மேசையில் கவிழ்ந்து கிடந்த அக்காவின் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை வந்திருந்தது. இன்னும் இரண்டு அதிர்வில் கீழே விழுந்திருக்கும்.

என் போனிலேயே பார்த்தேன். அழகான படம். நீலத் துணியில் வரிசையாகக் கோட்டு பட்டன்கள். அதன் கீழே இப்படி இருந்தது:

"தையல்காரர்கள் அனைவருக்கும் பண்டிகைக்கால வாழ்த்து. மாஸ்டர் பேரத் தனியாப் போடணும். போடலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார். போட்டா தலை மேல ஏறி உக்காந்துக்குவார். நானும் போன வருஷம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அந்த ஆள் மாதிரி கையால பட்டன் ஓட்டை கட்ட இந்தப் பக்கம் யாரும் இல்ல. அவர் வராத கடை எனக்குப் பாதிக் கடைதான். இத எப்படி மரியாதையா எழுதறது? அப்புறம் யோசி."

எனக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டாம் தேதியைப் போலவே இதையும் வரைவாக வைத்துவிட்டுப் பிறகு நல்ல வார்த்தையாக எழுத நினைத்திருக்கிறாள். எழுத வார்த்தை கிடைக்காமல் தனக்குத்தானே குறிப்பு எழுதி அதே இடத்தில் போட்டிருக்கிறாள். பதினொன்றை ஒரே மூச்சில் ஏற்றிய விரல், பழக்க தோஷத்தில் இதற்கும் தேதி குறித்துச் சரி என்று அழுத்திவிட்டது. யார் சரிபார்த்தது? நானே.

அக்கா வந்தாள். நான் போனைக் கொடுத்தேன். படித்தாள்.  அங்கேயே நின்று அழித்தாள்.

"அழிச்சுட்டேன்," என்றாள்.

"மூணு மணி நேரமா இருந்திருக்குக்கா."

"எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?"

டீக்கடையைப் பற்றி நான் சொல்லவில்லை. ஆனால் நாலு தெருவிலும் அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். என் போனிலேயே மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள், அதில் ஒருவர் அவள் வீட்டுக்காரர். கூடவே ஒரு கட்டைவிரல்.

"முடிஞ்சுது," என்றாள் அக்கா. அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தை. "கட்டடக்காரருக்கு போன் போட்டு அளவு எடுத்துக்கச் சொல்லிடறேன். இனிமே எந்த டெய்லர் இந்தப் படி ஏறப் போறான்?" நான் தடுக்குமுன் போட்டுவிட்டாள். பிறகு தன் கடைக்குப் போய் ஷட்டரை முக்கால்தான் திறந்தாள். குனிந்து போகிறவர்கள் போகட்டும் என்று.

எனக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருடம் நாக்கு சும்மா இருந்ததே இல்லாத ஒருத்தி, தப்பித் தவறி மனசில் இருப்பதை ஒருநாள் எழுதினால் அதற்கு இந்தத் தண்டனையா என்று இருந்தது.

பத்தரை மணிக்கு என் கடை வாசலில் கத்தரி மாஸ்டர் வந்து நின்றார். காதில் சுண்ணாம்புக் கட்டி, கையில் போன். பின்னால் இரண்டு தையல்காரர்கள். என்னிடம் போனை நீட்டினார். அந்தப் பதிவின் படம்தான்.

"இத பெருசா கலர்ல பிரிண்ட் போட்டு, லேமினேஷன் பண்ணிக் குடும்மா."

 தையல்காரர் சங்கத்தில் ஒட்டப் போகிறாரா? கட்டடக்காரரிடம் காட்டப் போகிறாரா? "மெஷின் சூடாகணும் மாஸ்டர். நேரமாகும்," என்றேன்.

"இருக்கட்டும்."

"கலர் மை தீர்ந்துபோச்சுன்னு நெனைக்கறேன்."

"நெனைக்கறியா, தீர்ந்துபோச்சா?"

அவர் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. ஆளுயரத்துக்குத் துணி அளந்து அளந்து, ஒரு நூல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண் அது. அடித்தேன். லேமினேஷன் இயந்திரத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மெதுவாக வெளியே வந்தது, முதலில் நீலத் துணி, பிறகு பட்டன்கள், கடைசியில் "மூஞ்சியத் தூக்கி". ஓரத்தை வெட்டிக் கொடுத்தேன். ஆறும்வரை விசிறிக்கொண்டு நின்றவர், நேராக அக்கா கடைக்குப் போனார். முக்கால் ஷட்டருக்கு அவர் குனியவில்லை. ஒரு கையால் மேலே தூக்கினார்.

நான் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். வெட்கமாக ஒன்றும் இல்லை.

மாஸ்டர் அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். "வாசி," என்றார்.

"மாஸ்டர், அது வந்து…"

"எழுதத் தெரியுதுல்ல? வாசி."

அக்கா வாசித்தாள். முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள். மூஞ்சி வந்த இடத்தில் சத்தம் குறைந்தது. தலைமேல் ஏறும் இடம் எனக்குக் கேட்கவே இல்லை. பட்டன் ஓட்டை வந்ததும் அவள் குரல் உடைந்தது. "பாதிக் கடைதான்" என்பதோடு நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் மாஸ்டர்.

"இத எப்படி மரியாதையா எழுதறது. அப்புறம் யோசி."

"யோசிச்சியா?"

"வரல மாஸ்டர். பத்து தடவ எழுதினேன். எல்லாம் எதிர்க்கடைக்காரன் புறா மாதிரியே இருந்துது."

மாஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதற்கு முன் அவர் அந்தக் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "முப்பத்தேழு வருஷமா கோட்டு தைக்கறேன்," என்றார். "கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டவன் துணி நல்லாருக்குன்னு சொல்லுவான். அவன் பொண்டாட்டி கலர் நல்லாருக்குன்னு சொல்லுவா. ஒரு பட்டன் ஓட்டை கட்ட எனக்கு இருபது நிமிஷம் ஆகுது. ஒருத்தர்கூட அந்த ஓட்டையப் பார்த்ததில்ல. தேதி தள்ளிப் போறதே அதனாலதான். அத நீ நாலு பேர் முன்னாடி கிண்டல் பண்ணின."

"தப்புதான் மாஸ்டர்."

"தப்புதான். நான் பாத்திரம் கழுவியாச்சுன்னு எழுதினதும் தப்புதான். அத விடு. இன்னைக்குக் காலையில டீ குடிக்கறப்ப எங்க வீட்டுக்காரி இத வாசிச்சுட்டு அரைமணி நேரம் சிரிச்சா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவார்ங்கறத மட்டும் மூணு தடவ வாசிச்சா. 'யாரோ உங்கள நல்லாத் தெரிஞ்சவ எழுதியிருக்கா'ன்னா." அவர் மூஞ்சி அப்போதும் தூக்கித்தான் இருந்தது. அது அப்படியே வார்த்தது போலிருக்கிறது. "எதிர்க்கடைக்காரன் எனக்கு நித்தமும் ரோஜாப்பூ அனுப்பறான். நான் எந்தத் தொழில் பண்றேன்னு அவனுக்குத் தெரியுமாங்கறதே சந்தேகம்."

பின்னால் நின்ற இரண்டு பேரில் ஒருவர் இதற்குள் பட்டன் சுவர் முன்னால் போய்ப் பெட்டிகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார். மாஸ்டர் காதிலிருந்த சுண்ணாம்பை எடுத்து மேசைமேலேயே கணக்குப் போட்டார். "கறுப்பு, நாலு ஓட்டை, பெருசுல மூணு குரோஸ். கை மடிப்புக்குச் சின்னது அஞ்சு." ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு. அக்கா ஏணியில் ஏறினாள். ஏணியின் உச்சியில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு நிமிடம் பெட்டியைத் தேடுவதுபோல் நின்றாள். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெட்டி அதே இடத்தில்தான் இருக்கிறது.

கட்டடக்காரர் வந்து சேர்ந்தது அப்போதுதான். கூடவே போன் கவர் விற்கிறவர், கையில் அளவு நாடாவோடு. கடைக்குள் இப்போது ஐந்து தையல்காரர்கள். பதிவைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள், மாஸ்டர் வாங்குவதைப் பார்த்ததும் தாங்களும் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். தும்மலும் சளியும் இந்தப் பக்கமும் வேலை செய்யும். கவர்காரர் நாடாவின் ஒரு நுனியை வைக்க இடம் தேடினார்.

"அளவு எடுக்கணும்," என்றார்.

அவர் கையிலிருந்த நாடாவை மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். "இது இழுபட்ட நாடா தம்பி. இதுல அளந்தா எல்லாம் தப்பாத்தான் வரும்," என்று சுருட்டிக் கொடுத்துவிட்டார்.

அக்கா ஏணியிலிருந்தபடியே சொன்னாள்: "அண்ணே, காலையில போன் பண்ணினது நான்தான். அப்போ பாதிக் கடையா இருந்துது. இப்போ எனக்கே எடம் பத்தல. வேற எடம் பார்த்துக் குடுங்க அவருக்கு."

கட்டடக்காரர் கடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேசைமேல் இருந்த லேமினேஷனைப் பார்த்தார். அதையும் வாசித்துவிட்டுத்தான் போனார்.

மாஸ்டர் கிளம்பும்போது அந்தத் தாளை எடுத்துக்கொண்டார். "அத விட்டுட்டுப் போங்க மாஸ்டர், மானம் போகுது," என்று அக்கா கேட்டாள். "பணம் குடுத்து அடிச்சது," என்றார். இன்றைக்கும் அவர் கடையில், அளவு எடுக்க நிற்கிறவர்கள் கண்ணுக்கு நேராகத் தொங்குகிறது. மூஞ்சி, தலை எல்லாம் அப்படியே இருக்கிறது. வருகிறவர்களிடம் மாஸ்டர் பட்டன் ஓட்டை வரியை மட்டும் விரலால் காட்டுகிறாராம்.

மற்ற பதிவுகள் எல்லாம் அததன் நாளில் ஒழுங்காகப் போயின. பிறைக்குரியது பத்தொன்பதாம் தேதிக்குத் தள்ளிப்போனது. அக்கா கையால் போட்டாள், எதிர்க்கடைக்காரன் பதினெட்டிலேயே புறா விட்டு அசடு வழிந்தான். இருபத்தெட்டாம் தேதி வெறும் வாழ்த்து. தையல்காரர்கள் யாரும் பதில் போடவில்லை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாதம் முடியும் முன்பே அடுத்த மாதத் தாளோடு வந்தாள். அதே ஏழு பத்தி. கடைசிப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை இந்த முறை "ஜெராக்ஸ்" என்று எழுதியிருந்தாள்.

"என்னக் கேக்காமயே?"

"கேட்டா சம்பளம் கேப்ப. எல்லாத்தையும் வாசி, அப்புறந்தான் நான் ஏத்துவேன்."

உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு இடத்தில் தேதியும் கிழமையும் பொருந்தவில்லை, திருத்தினேன். நண்பர்கள் நாளுக்கு வந்தேன். படம்: இரண்டு கடைக்கும் நடுவில் இருக்கும் பலகை. அதில் ஒரு இடுக்கு, இடுக்கில் ஒரு கண். எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. வாசகம் இப்படி இருந்தது:

"பக்கத்துக் கடைக்காரிக்குத் தனியா ஏதாவது போடணும். எட்டு வருஷமா என் போனுக்கு சார்ஜ் போடறா, ஒரு நாளும் கரண்ட் பில் கேட்டதில்ல. அன்னைக்கு எனக்காக மாஸ்டர்கிட்ட மை தீர்ந்துபோச்சுன்னு பொய் சொல்லிப் பார்த்தா. மத்தபடி ஒட்டுக் கேக்கற புத்தி, வாய் நீளம். அவ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்னு தெரியல. இத எப்படி எழுதறது?"

இரண்டு தடவை வாசித்தேன். எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. மை அல்ல காரணம்.

"இது குறிப்பாக்கா, வாசகமா?" என்றேன்.

"நேரம் போட்டிருக்கேன் பாரு."

ஆறரை என்று போட்டிருந்தாள். "வாய் நீளம்ங்கறத மட்டும் எடுத்துடு," என்றேன்.

"முடியாது," என்றாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.